மொட்டை மாடி வத்தலும் ஆறு கட்டங்களும்: புகைப்படங்களைப் படக்கதையாக்கும் முழுமையான வழிகாட்டி

சித்திரை வெயிலில் அம்மா மொட்டை மாடியில் கூழ்வத்தல் ஊற்றிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டியை விரித்து வரிசை வரிசையாக ஊற்றிவிட்டு, காக்காய் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் அண்ணன் மகன் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார். ஏழு வயது. காவலுக்கு உட்கார்ந்தவனே அரைக்காய்ச்சல் வத்தலை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தான். நான் கைப்பேசியில் 27 படம் எடுத்திருந்தேன். அவற்றிலிருந்து ஆறு கட்டத்தில் ஒரு படக்கதை செய்ததை அப்படியே சொல்கிறேன். உங்களிடம் இருப்பது வேறு கதையாக இருக்கும். ஆனால் எனக்கு வந்த சிக்கல்களெல்லாம் உங்களுக்கும் வரும்.

இதற்கு நான் பயன்படுத்துவது இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள். இலவசம், தமிழ் எழுத்தை உடைக்காமல் காட்டும், எழுத்தையும் பேச்சு எழுதும் பலூனையும் எப்போது வேண்டுமானாலும் திரும்பத் திருத்தலாம். படத்தின் நிறத்தைச் சரிசெய்ய மட்டும் கிம்ப். வேறு மென்பொருளில் செய்கிறவர்களுக்கும் அளவுகளும் வரிசையும் இதேதான்.

முதலில் கதை, பிறகு படம்

27 படத்தையும் திறந்து வைத்துக்கொண்டு நல்ல படம் எது என்று தேட ஆரம்பித்தால் தொகுப்பு வருமே தவிர கதை வராது. முதலில் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதியது: காக்காயிடமிருந்து வத்தலைக் காக்க உட்கார்ந்த பையன், தானே தின்றுவிட்டுக் காக்காய் மேல் பழி போடுகிறான்.

இந்த வாக்கியத்துக்குள் என்னென்ன இருக்கின்றன? காவல் ஒப்படைக்கப்படுகிறது. பையன் தனியாக இருக்கிறான். கை வத்தலை எடுக்கிறது. காக்காய் ஒன்று அங்கே இருக்கிறது. அவனுடைய அப்பத்தா, அதாவது என் அம்மா, வந்து கேட்கிறார், அவன் பழி போடுகிறான். பொய் அகப்பட்டுக்கொள்கிறது. ஆறு நிகழ்வு, ஆறு கட்டம். ஒவ்வொரு கட்டத்தைப் பார்த்ததும் வாசகருக்கு "அப்புறம்?" என்று கேட்கத் தோன்ற வேண்டும். ஒரு படத்தை எடுத்துவிட்டாலும் கதை புரிகிறது என்றால் அந்தப் படம் வேண்டாம்.

இதில்தான் மனம் கேட்காது. அம்மா கூழைக் கரண்டியில் அள்ளும் படம் ஒன்று அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. ஆவி பறப்பதுகூடத் தெரிந்தது. ஆனால் கதை அந்தக் கூழ் ஊற்றி முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. அதைச் சேர்த்தால் வாசகர் இது சமையல் குறிப்பு என்று நினைத்துக்கொண்டு படிக்க ஆரம்பிப்பார். எடுத்துவிட்டேன்.

இன்னொரு பக்கம், கதைக்கு வேண்டிய காக்காய் 27 படத்திலும் இல்லை. அன்று சாயங்காலம் கைப்பிடிச் சுவரில் கொஞ்சம் பழைய சோறு வைத்து அதைத் தனியாக எடுத்தேன். பையனும் காக்காயும் ஒரே படத்தில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வலப்பக்கம் பார்க்கும் பையனின் கட்டத்துக்குப் பிறகு இடப்பக்கம் பார்க்கும் காக்காயின் கட்டம் வந்தால், இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதாக வாசகர் தானே சேர்த்துக்கொள்வார். கட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த வெள்ளை இடைவெளியில்தான் அந்த வேலை நடக்கிறது.

கடைசியில் என் ஆறு கட்டங்கள் இப்படி நின்றன:

1. மாடி முழுவதும் தெரியும் அகலமான படம். அப்பத்தா இடப்பக்கம், குச்சியோடு பையன் வலப்பக்கம்.
2. பையன் தனியாக, கண் வத்தல் மேல்.
3. வேட்டியிலிருந்து வத்தலைப் பிய்க்கும் விரல்கள், மிக அருகில்.
4. கைப்பிடிச் சுவரில் காக்காய்.
5. காலியான வரிசையைக் காட்டிக் கேட்கும் அப்பத்தா, பதில் சொல்லும் பையன்.
6. பையனின் முகம், அருகில். வாயோரத்தில் மாவு.

தூரம், அருகு என்று படங்கள் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள். ஆறும் ஒரே தூரத்திலிருந்து எடுத்தவையாக இருந்தால் பக்கம் தட்டையாகத் தெரியும். அருகில் எடுத்த படம் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். தூரத்துப் படத்தையே வெட்டி அருகுப் படமாக்கலாம். இந்த அளவுக் கட்டத்துக்குப் படத்தின் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே தெளிவு போதும். மூன்றாம் கட்டத்து விரல்கள் அப்படி வெட்டியவைதான்.

யார் எந்தப் பக்கம்

ஐந்தாம் படத்தில் எனக்கு ஒரு தவறு நேர்ந்திருந்தது. காலையில் படிக்கட்டுப் பக்கம் நின்று எடுத்தேன். அப்பத்தா இடது, பையன் வலது. அவர் திரும்பி வந்தபோது நான் வேட்டியைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டேன். அதனால் பையன் இடது, அப்பத்தா வலது. நேரில் பார்க்கும் நமக்கு இது ஒன்றுமில்லை. படக்கதையில் இருவரும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது போல ஆகிவிடும்.

படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டால் தீர்ந்தது என்றுதான் முதலில் தோன்றும். நானும் திருப்பிப் பார்த்தேன். அப்பத்தாவின் முந்தானை வலது தோளுக்குப் போய்விட்டது. மூக்குத்தி பக்கம் மாறிவிட்டது. தொட்டியில் எழுதியிருந்த எழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறிவிட்டது. சேலை கட்டிய பெண், கடைப் பலகை, பேருந்து எண், கைக்கடிகாரம், சட்டைப் பை இவற்றில் ஏதாவது படத்தில் இருந்தால் திருப்பாதீர்கள். ஏன் என்று தெரியாமலே பார்ப்பவர் கண் உறுத்தும்.

திருப்பாமல் எப்படிச் சமாளித்தேன் என்றால், முதல் கட்டத்துக்கும் ஐந்தாம் கட்டத்துக்கும் நடுவில் ஒற்றை ஆளோ பொருளோ மட்டும் இருக்கும் மூன்று கட்டங்கள் வருகின்றன. அந்த மூன்றைக் கடந்து வருவதற்குள் இடவல நினைவு தளர்ந்துவிடுகிறது. இருவரும் இருக்கும் படங்கள் அடுத்தடுத்து வந்திருந்தால் இது உதவியிருக்காது. வேறு படம்தான் எடுத்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் படம் எடுக்கும்போதே இருவரையும் இணைக்கும்படி தரையில் ஒரு கோட்டை மனதில் வைத்துக்கொண்டு அதைத் தாண்டாமல் நிற்கிறேன்.

எடுக்கும்போது கவனிக்க இன்னொன்று: தலைக்கு மேல் இடம் விடுங்கள். சாதாரணப் படத்துக்கு முகம் சட்டம் நிறைய இருந்தால் அழகு. படக்கதைக்கு மேலே மூன்றில் ஒரு பங்கு வானமோ சுவரோ வேண்டும். பலூன் அங்கேதான் உட்காரும்.

ஆறும் ஒரே நாள் போலத் தெரிய

முதல் படம் காலை 9 மணி, ஐந்தாவது 12 மணி, காக்காய் சாயங்காலம். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் ஒன்று நீலம், ஒன்று வெளிறியது, ஒன்று மஞ்சள். பலர் இதை மறைக்க எல்லாவற்றின் மேலும் ஒரு கார்ட்டூன் விளைவைப் போட்டுவிடுகிறார்கள். அது நிற வேறுபாட்டை இன்னும் தூக்கிக் காட்டும்; முகத்தின் நுணுக்கமும் போய்விடும். இந்தக் கதையில் வாயோரத்து மாவு தெரிய வேண்டும். அதனால் நான் விளைவு எதுவும் போடவில்லை.

எல்லாப் படத்திலும் பொதுவாக இருக்கும் ஒரு வெள்ளைப் பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வேட்டி. கிம்ப்பில் `Colors > Levels` திறந்தால் நடு நிறத்தைத் தொட்டுக் காட்டும் சொட்டுக்குழாய் ஒன்று இருக்கும். அதை எடுத்து வேட்டியின் நிழல் விழுந்த மடிப்பைத் தொடுங்கள். வெயில் பட்ட இடத்தைத் தொடக்கூடாது. அங்கே வெள்ளை ஏற்கெனவே வெளுத்துப் போயிருக்கும், நிறம் சரியாக வராது. ஒவ்வொரு படத்திலும் இதைச் செய்ததும் நீலமும் மஞ்சளும் ஒன்றுக்கொன்று நெருங்கிவிடும். காக்காய்ப் படத்தில் வேட்டி இல்லை. சுண்ணாம்படித்த சுவரைத் தொட்டேன். அப்புறம் வெளிச்சத்தை மட்டும் கண்ணால் பார்த்து ஏற்றி இறக்கிக்கொண்டேன்.

நிழலின் நீளத்தை எந்த மென்பொருளும் லேசில் மாற்றித் தராது. காலை நிழல் நீளம், மதியம் காலடியில். ஐந்தாம் கட்டத்தில் கால்களை வெட்டி இடுப்புக்கு மேலே வைத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். நல்லவேளை, காலி வரிசை அந்த வெட்டுக்குள்ளும் தெரிந்தது.

கைப்பேசிப் படங்கள் பெரியவை; சில படங்கள் இங்க்ஸ்கேப்புக்குள் பக்கவாட்டில் படுத்துக்கொண்டும் வரும். நிறம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே தடவையில் நிமிர்த்திச் சிறிதாக்க, இமேஜ்மேஜிக் இருந்தால், படங்கள் இருக்கும் கோப்புறையில் கட்டளைத் திரையைத் திறந்து இதைத் தட்டினால் போதும்:

```
mkdir small
magick mogrify -path small -auto-orient -resize 2000x2000 *.jpg
```

மூலப் படங்கள் அப்படியே இருக்கும். சிறியவை `small` கோப்புறையில் சேரும். மூன்றாம் கட்டம்போல வெகுவாக வெட்டப்போகும் படத்தை மட்டும் சிறிதாக்காமல் மூலத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டங்களைப் போடுவது

கைப்பேசியில் படிக்கப்போகும் பக்கத்துக்கு 1080 × 1350 பிக்சல் வைத்தேன். நான்கு ஓரமும் 40. இங்க்ஸ்கேப்பில் `Ctrl+Shift+D` அழுத்தி இந்த அளவைக் கொடுங்கள். அலகு `px` ஆக இருக்கட்டும்.

இடைவெளியில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரே வரிசையில் இருக்கும் கட்டங்களுக்கு நடுவே 14, வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே 24 விட்டேன். இரண்டும் சமமாக இருந்தால், நான்கு கட்டம் கூடும் மூலையில் கண் வலப்பக்கம் போவதா கீழே இறங்குவதா என்று ஒரு கணம் தயங்கும். குறுக்கே இடைவெளி குறைவாக இருந்தால் அந்த வரிசை ஒன்றாகக் கட்டிப்போட்டது போல நிற்கும். கண் தானாகக் குறுக்கே ஓடிவிட்டு அப்புறம் இறங்கும்.

முதல் வரிசையில் ஒரே அகலக் கட்டம், இடத்தை அறிமுகப்படுத்த. இரண்டாவது வரிசையில் 2, 3, 4 ஆகிய மூன்றும் ஒரே அகலம். பையன், விரல், காக்காய் என்று மூன்று அடி சீராக விழ வேண்டும். மூன்றிலும் பேச்சு கிடையாது என்பதால் கட்டம் சிறியதாக இருப்பது பிரச்சினை இல்லை. ஒன்றை மட்டும் அகலமாக்கிப் பார்த்தேன். உடனே அந்தக் கட்டத்தில் நேரம் நின்றுவிட்டது. கட்டத்தின் அகலம்தான் வாசகர் அதில் தங்கும் நேரம். மூன்றாவது வரிசையில் இருவர் பேசும் ஐந்தாம் கட்டத்துக்கு அகலம் கூடுதல், முகம் மட்டும் இருக்கும் ஆறாவதற்குக் குறைவு.

செவ்வகக் கருவியால் ஆறு செவ்வகம் வரைந்து இந்த அளவுகளைக் கொடுத்தேன்:

```
1   X 40    Y 40    W 1000  H 430
2   X 40    Y 494   W 324   H 362
3   X 378   Y 494   W 324   H 362
4   X 716   Y 494   W 324   H 362
5   X 40    Y 880   W 600   H 430
6   X 654   Y 880   W 386   H 430
```

அளவு கொடுக்கும் முன் செவ்வகத்தின் கோட்டை நீக்கி நிறத்தை மட்டும் வையுங்கள். கோடு இருந்தால் அதன் தடிமனும் அளவில் சேர்ந்து இரண்டு மூன்று பிக்சல் தவறும். இடைவெளி ஒரு இடத்தில் 14, இன்னொரு இடத்தில் 11 என்றால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

உயரமான கட்டம் ஒன்றை இரண்டு சிறு கட்டங்களுக்குப் பக்கத்தில் வைக்க ஆசைப்பட்டால் உயரமானதை இடப்பக்கம் வையுங்கள். அது முதலில், பிறகு வலது மேல், வலது கீழ் என்று குழப்பமில்லாமல் போகும். உயரமானது வலப்பக்கம் வந்தால், இடது மேல் கட்டத்தைப் படித்தவர்களில் சிலர் குறுக்கே போவார்கள், சிலர் கீழே இறங்குவார்கள்.

அடுத்து படங்களை உள்ளே கொண்டுவர `Ctrl+I`. இணைப்பாக வைக்கவா, உள்ளேயே பதிக்கவா என்று கேட்கும்போது `Embed` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணைப்பாக வைத்துவிட்டுக் கோப்புறையை நகர்த்தினால் படம் காணாமல் போய்விடும். படத்தைச் செவ்வகத்துக்குக் கீழே அனுப்ப `End` விசை. செவ்வகம் படத்தின் மேல் இருக்க வேண்டும். படத்தை நகர்த்தி, பெரிதாக்கி, வேண்டிய பகுதி செவ்வகத்துக்கு அடியில் வரும்படி வையுங்கள். அளவை மாற்றும்போது `Ctrl` விசையை அழுத்திக்கொண்டால் படம் நெளியாது. செவ்வகத்தை `Ctrl+D` அழுத்தி ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அது பிறகு கட்டத்தின் கருப்பு ஓரமாகப் பயன்படும். படத்தையும் ஒரு செவ்வகத்தையும் சேர்த்துத் தேர்ந்து `Object > Clip` பட்டியலில் `Set` என்று இருப்பதை அழுத்தினால் படம் கட்டத்துக்குள் அடங்கிவிடும். வெட்டு பிடிக்கவில்லை என்றால் அதே பட்டியலில் `Release` கொடுத்துப் படத்தை நகர்த்தி மறுபடி செய்யலாம். நகல் செவ்வகத்துக்கு நிறத்தை நீக்கி 3 பிக்சல் கருப்புக் கோடு கொடுங்கள்.

பலூன் போடும் முன் கட்டங்களை மட்டும் ஒரு தடவை பாருங்கள். பேச்சே இல்லாமல் கதையின் முக்கால்வாசி புரிந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

பேச்சை எழுதுவது

படத்தில் தெரிவதைப் பலூனில் மறுபடி சொல்லாதீர்கள். என் முதல் வரைவில் மூன்றாம் கட்டத்தில் பையன் "ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குவோம்" என்று நினைப்பதாக எழுதியிருந்தேன். விரல்கள் வத்தலைப் பிய்ப்பதே அதைச் சொல்லிவிடுகிறது. நீக்கியதும் கட்டம் சத்தமில்லாமல் திருட்டுத்தனமாக மாறியது. காக்காய்க்கும் கடைசியில் "நானா?" என்று ஒரு நினைப்புப் பலூன் வைத்திருந்தேன். வரைந்த காக்காய் பேசலாம். புகைப்படத்துக் காக்காய் பேசியதும் மற்ற ஐந்து கட்டத்தின் உண்மையும் ஆட்டம் கண்டது. அதற்கும் "கா!" மட்டும் போதும் என்று விட்டேன்.

மிஞ்சியது இவ்வளவுதான்:

முதல் கட்டம். அப்பத்தா: "காக்கா வராமப் பாத்துக்கடா. தண்ணி குடிச்சுட்டு வந்துர்றேன்." பையன்: "சரி அப்பத்தா!"

ஐந்தாம் கட்டம். அப்பத்தா: "ஒரு வரிசையவே காணோமேடா?" பையன்: "காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு அப்பத்தா!"

ஆறாம் கட்டம். அப்பத்தா, கட்டத்துக்கு வெளியேயிருந்து: "காக்கா தின்னா உன் வாயில ஏன்டா மாவு?"

எழுத்துரு விஷயத்தில் தமிழுக்கென்று சில கவனங்கள் உண்டு. பலூ தம்பி, கவிவாணர் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். இரண்டும் பேச்சுக்குப் பொருந்தும். எனக்குப் பலூ தம்பியின் உருண்டை பிடிக்கும். எந்த மென்பொருளாக இருந்தாலும் முதலில் "கொக்கு", "மௌனம்" என்று தட்டிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால் அங்கே தமிழ் சரியாக வராது. பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் அப்படி வந்தால் விருப்ப அமைப்பில் எழுத்து இயந்திரத்தை `World-Ready Layout` என்று மாற்றினால் சரியாகிவிடும்.

அளவு 36 பிக்சல் வைத்தேன். 1080 பிக்சல் பக்கம் கைப்பேசித் திரையில் ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. 30-க்குக் கீழே போனால் பெரியவர்கள் விரலால் பெரிதாக்க வேண்டிவரும், பெரிதாக்கினால் கட்டங்களின் ஓட்டம் போய்விடும். வரி இடைவெளியை 1.3 வரை ஏற்றுங்கள். 1.0-இல் விட்டால் மேல் வரியின் "பு", "ணூ" போன்றவற்றின் வால் கீழ் வரியின் "கீ", "ரி" சுழியில் போய் முட்டும்.

வரியை நீங்களே உடையுங்கள், மென்பொருளிடம் விடாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சொல்லின் நடுவே உடைத்தால் பேச்சுப் பேச்சாக இருக்காது. ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல், மூச்சு விடும் இடத்தில் உடைப்பு. ஆறாம் கட்டத்தில் "காக்கா தின்னா / உன் வாயில / ஏன்டா மாவு?" என்று மூன்று வரியாக வைத்தேன். "மாவு" கடைசியில் விழுவதால் கண் பலூனைவிட்டு நேராக வாயோரத்துக்கு இறங்குகிறது.

குரலை நீட்ட வேண்டுமானால் துணைக்காலையோ சுழியையோ திரும்பத் திரும்பத் தட்டாதீர்கள்; புள்ளி வட்டம்தான் வரும். செய்யுளில் அளபெடைக்கு எழுதுவது போல உயிரெழுத்தைத் தனியாகச் சேருங்கள்: "அப்பத்தாஆஆ", "போடீஈஈ". ஆங்கிலத்தில் கத்தலுக்குப் பெரிய எழுத்து இருக்கிறது. நமக்குத் தடித்த எழுத்தும் கொஞ்சம் பெரிய அளவும்தான். ஒரு கட்டத்தில் ஒரு சொல்லுக்கு மேல் தடிமன் ஏற்ற வேண்டாம்.

பலூனும் வாலும்

முதலில் எழுத்து, பிறகுதான் பலூன். வெறும் பலூனை வரைந்து அதற்குள் எழுத்தைத் திணித்தால் ஒன்று நெரிசலாகும், அல்லது எழுத்து நடுவில் தனியாக மிதக்கும். எழுத்தைச் சுற்றி அரை எழுத்து உயரத்துக்கு இடம் விட்டு உருவத்தைப் போடுங்கள். தமிழுக்கு முழு நீள்வட்டத்தைவிட மூலை நன்றாக வளைந்த செவ்வகம் பொருத்தம். நீளச் சொல் உள்ள வரிகள் நீள்வட்டத்தின் மேல் கீழ் வளைவில் இடிக்கும்.

வாலுக்குப் பேனாக் கருவியால் ஒல்லியான முக்கோணம் ஒன்று வரைந்து, அதன் அடி பலூனுக்குள் கொஞ்சம் நுழைந்திருக்கும்படி வையுங்கள். இரண்டையும் தேர்ந்து `Path > Union` கொடுத்தால் ஒரே உருவமாகிவிடும், நடுவில் கோடு தெரியாது. வால் பேசுபவரின் வாயை நோக்கிப் போக வேண்டும். ஆனால் வாயைத் தொடக்கூடாது. பலூனுக்கும் வாய்க்கும் இருக்கும் தூரத்தில் பாதியைத் தாண்டியதும் நிறுத்திவிடுங்கள், மீதியைக் கண் போட்டுக்கொள்ளும். நெஞ்சையோ நெற்றியையோ காட்டும் வால் யார் பேசுகிறார் என்பதைக் குழப்பும். ஆறாம் கட்டத்தில் அப்பத்தா தெரிவதில்லை. அங்கே வால் கட்டத்தின் வலது ஓரத்தைத் தொட்டு நிற்கிறது. குரல் வெளியேயிருந்து வருகிறது என்பது அதிலேயே புரிந்துவிடும்.

வெள்ளைப் பலூன் வெள்ளை வேட்டியின் மேல் விழுந்தால் கரைந்துவிடும். முடிந்தவரை வானத்தில் வைத்தேன். முடியாத இடத்துக்காக எல்லாப் பலூனுக்கும் லேசான பாலேட்டு நிறமும் 3 பிக்சல் கருங்கோடும் கொடுத்தேன். பலூனைப் பாதி ஊடுருவித் தெரியும்படி விடுவது மட்டும் வேண்டாம். பின்னால் இருப்பது தெரிந்தால் எழுத்தைப் படிக்க முடியாது.

இனி வரிசை. முதலில் பேசுபவரின் பலூன் இடப்பக்கமும் மேலேயும் இருக்க வேண்டும். முதல் கட்டத்தில் இது தானாக அமைந்தது. ஐந்தாம் கட்டத்தில்தான் அந்தப் பழைய தவறு திரும்ப வந்து நின்றது: முதலில் பேசும் அப்பத்தா வலப்பக்கம். அவருடைய பலூனை மேலே ஏற்றி, பையனுடையதைக் கீழே இறக்கினேன். இரண்டு பலூனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது கொஞ்சம் உயர வித்தியாசம் போதாது. மேல் பலூனின் அடி முடிந்த பிறகே கீழ்ப் பலூனின் தலை தொடங்க வேண்டும். மேல் பலூனை இடப்பக்கமாகவும் நீட்டிப் பையன் தலைக்கு மேல் வரை கொண்டுவந்தால் இன்னும் உறுதி. வால் மட்டும் வலப்பக்கம் அப்பத்தாவிடம் போகும். இரண்டு வால்களும் ஒன்றையொன்று வெட்டக்கூடாது.

"கா!" என்ற சத்தத்துக்குப் பலூன் போடவில்லை. 90 பிக்சல் அளவில் தடித்த எழுத்தாக, கொஞ்சம் சாய்த்து, அலகுக்குப் பக்கத்தில் நேரடியாகப் படத்தின் மேல் வைத்து வெள்ளை விளிம்பு கொடுத்தேன். விளிம்பு எழுத்தைத் தின்னாமல் இருக்க, அந்த எழுத்தை நகல் எடுத்து, கீழே இருப்பதற்குத் தடித்த வெள்ளைக் கோடு கொடுங்கள்.

விரலால் படிக்கச் சொல்லுங்கள்

கதை தெரிந்த நமக்கு எந்த வரிசையும் சரியாகத்தான் தெரியும். அதனால் கதை தெரியாத ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, விரலை வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் விரலை மட்டும் பாருங்கள். விரல் தயங்கும் இடம், பின்வாங்கும் இடம், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவர் ஐந்தாம் கட்டத்தில் பையனின் பதிலை முதலில் படித்துவிட்டு, "என்னத்தை?" என்று கேட்டுவிட்டு மேலே போனார். அப்போது அப்பத்தாவின் பலூன் வலப்பக்கத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் அதை இடப்பக்கம் வரை நீட்டினேன். மறுபடி இன்னொருவரிடம் காட்டியபோது விரல் நிற்கவில்லை.

வெளியே எடுக்க `Ctrl+Shift+E`, அகலம் 1080, வடிவம் பிஎன்ஜி. ஜேபெக்காக எடுத்தால் எழுத்தின் ஓரத்தில் அழுக்கு போலப் புள்ளிகள் படியும். செய்திச் செயலிகளில் படமாக அனுப்பினால் அதுவே மறுபடி நசுக்கப்படும், ஆவணமாக அனுப்புங்கள்.

அச்சிட வேண்டுமானால் அதே கோப்பிலிருந்து அகலத்தை 2480 ஆக்கி இன்னொரு தடவை எடுங்கள். எழுத்தும் பலூனும் வரைகோடு என்பதால் கூர்மை குறையாது. 2000 பிக்சல் படங்கள் ஏ4 அளவுக்குத் தாங்கும். ஏ4 தாள் நம் பக்கத்தைவிட நீளம். ஓரம் விடாமல் அகலத்துக்கு நிரப்பினால் அடியில் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் காலியாகும். அந்த இடத்தில் அம்மா சொல்லச் சொல்லக் கூழ்வத்தலுக்கு அரிசிக்கும் உப்புக்கும் உள்ள கணக்கைக் கையால் எழுதி, அடுக்களைக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.